அம்மாவின் மச்சம் எந்தக் கன்னத்தில் இருந்தது?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் அம்மா காணாமல் போனார். ஒன்பதாவது நாள், புதன்கிழமை, தீர்த்தமலை அடிவாரத்தில் கிடைத்தார். இடையிலிருந்த நாட்களில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, அவரைத் தேடி அலைந்ததில் நடந்தவை அல்ல. ஒரு தாளில் அவரைப் பற்றி நான்கு வரி எழுதியதில் நடந்தவை. காணவில்லை நோட்டீசுக்கு ஒரு புகைப்படத்தைப் பார்த்து அங்க அடையாளம் எழுதுவது எவரும் செய்யக்கூடிய வேலை என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை என்று அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஐந்து நாட்களாவது மிச்சமாகியிருக்கும்.

அம்மாவுக்கு 68 வயது. அப்பா இறந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக ஞாபக மறதி கூடிக்கொண்டே வந்தது. உடன்பிறந்தவர்கள் எனக்கு இல்லை. மனைவி பிரசவத்துக்காகச் சேலத்தில் தாய் வீட்டில் இருந்தார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால், பகலில் அம்மாவைச் சித்திதான் வந்து பார்த்துக்கொள்வார். அன்று சித்தி வருவதற்குள் வீடு திறந்து கிடந்தது. மதியமே காவல் நிலையத்துக்குச் சென்றேன். காணாமல் போய் 24 மணி நேரம் ஆன பிறகுதான் புகார் கொடுக்க முடியும் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை, உடனே கொடுக்கலாம், மனு ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காவலர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உயரம், நிறம், உடல்வாகு, உடை என்று வரிசையாகக் கேட்க, நான் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன். உயரம் 5 அடி 2 அங்குலம், மாநிறம், வட்ட முகம், பச்சை நிறப் புடவை, வலது கன்னத்தில் மச்சம். அதே வரிகளை அன்று மாலையே கம்போசிங் கடையில் கொடுத்து, 1,100 ரூபாய்க்கு ஆயிரம் கறுப்பு வெள்ளை நோட்டீஸ் அடித்தேன். பதற்றத்தில் இன்னொரு வரியையும் சேர்த்தேன்: கழுத்தில் ஒன்றரைச் சவரன் சங்கிலி அணிந்துள்ளார். அந்த வரியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தன் பெயரையே தடுமாறிச் சொல்லும் ஒரு மூதாட்டி தங்கத்தோடு தனியாகத் திரிகிறார் என்று பேருந்து நிலையம் முழுவதும் நானே ஒட்டி வைத்திருக்கிறேன். அம்மா கிடைத்தபோது கழுத்தில் சங்கிலி இல்லை. நோட்டீசைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் நகையின் விவரம் காவல் நிலையத்துப் புகாரில் இருந்தால் போதும், பொது அறிவிப்பில் இருக்கக் கூடாது.

அடுத்த நான்கு நாட்களில் வந்த அழைப்புகள், நான் எழுதியது எவ்வளவு வெறுமையான வருணனை என்பதைக் காட்டின. இரண்டாம் நாள் இரவு கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து ஒருவர், பச்சைப் புடவையில் மாநிறமான ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பதாகச் சொன்னார். 2,600 ரூபாய்க்கு வாடகைக் கார் பிடித்துச் சென்றேன். மகளோடு வேறு ஊருக்குப் போகக் காத்திருந்த யாரோ ஒரு பாட்டி அவர். நான்காம் நாள் சேலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வந்ததில் 3,800 ரூபாய் செலவானது. அங்கேயும் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பொருந்திய வேறொரு பெண்மணி. அழைத்தவர்கள் மீது தவறில்லை. மாநிறமும் வட்ட முகமும் பச்சைப் புடவையும் நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தும். மூன்றாம் நாள் வந்த அழைப்பு வேறு வகை. ஓசூரில் விபத்தில் சிக்கிய அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், ஸ்கேன் எடுக்க உடனே பணம் கட்ட வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். அடையாளம் கேட்டேன். வலது கன்னத்தில் மச்சம், பச்சைப் புடவை என்று நான் எழுதியதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். 5,000 ரூபாய் அனுப்பினேன். அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை, நோட்டீஸ் மறுபடியும் அடிப்பதற்காக அதே கம்போசிங் கடைக்குப் போனேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த, ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் என் கையிலிருந்த நோட்டீசை வாங்கிப் படித்துவிட்டு, “தம்பி, இதுல உங்க அம்மா எங்க இருக்காங்க?” என்று கேட்டார். கோபம் வந்தது. பிறகு அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புரிந்தது. ஒரு மனிதரை யாரும் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவதில்லை. பார்த்த பிறகுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வரும். ஆகவே இருபது அடி தூரத்தில் தெரிவது எது என்பது முதல் வரியிலும், பக்கத்தில் வந்து பார்த்தால் உறுதி செய்துகொள்ளக்கூடியது அடுத்த வரியிலும் இருக்க வேண்டும். இன்னும் ஒன்றை எழுதவே கூடாது. அழைப்பவர் உண்மையிலேயே பார்த்தாரா என்று சோதிக்க அது நம் கையில் இருக்க வேண்டும். என் நோட்டீசில் தூரத்திலிருந்து தெரிவதாக இருந்தது புடவை மட்டும்தான், அதுவும் மாறக்கூடியது.

வீட்டிலிருந்த படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்ததில் உருப்படியானவை நான்கு தேறின: ஆதார் அட்டையிலுள்ள சிறிய படம், மூன்று ஆண்டுகளுக்கு முன் என் திருமண ஆல்பத்திலிருந்த படம், இரண்டு மாதங்களுக்கு முன் சித்தியின் பேத்தி தன் கைப்பேசியில் அம்மாவோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி, அப்புறம் வீட்டு வாசலில் யாரோ தற்செயலாக எடுத்த முழு உருவப் படம். முதல் நோட்டீசில் நான் போட்டது செல்ஃபி, ஏனென்றால் அது புதியது, தெளிவாகவும் இருந்தது. நான்கையும் கம்போசிங் கடையின் கணினித் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு விஷயத்தில் பொய் சொல்கிறது என்பது தெரிந்தது. எல்லாப் படத்திலும் திரும்பத் திரும்பத் தென்படுவது அந்த மனிதருக்கு உரியது. ஒரு படத்தில் மட்டும் தென்படுவது பெரும்பாலும் வெளிச்சத்துக்கோ, கேமராவுக்கோ, ஸ்டுடியோக்காரரின் கைவண்ணத்துக்கோ உரியது. ஒரே ஒரு படத்தை வைத்து அடையாளம் எழுதக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு அதிக வெட்கம். செல்ஃபியில் அம்மாவின் வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகு அளவில் ஒரு மச்சம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் வலது என்று எழுதினேன். கடையில் தட்டச்சு செய்யும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, “அண்ணா, உங்க அம்மா முந்தானையை வலது தோள்லயா போடுவாங்க?” என்று கேட்டார். நம் பெண்கள் முந்தானையை இடது தோளில் போடுவார்கள்; எதிரில் நின்று எடுத்த படத்தில் அது பார்ப்பவரின் வலப்பக்கம் விழ வேண்டும். அந்தச் செல்ஃபியில் அது இடப்பக்கம் விழுந்திருந்தது. பல கைப்பேசிகளில் முன்பக்கக் கேமராவால் எடுக்கும் படம், கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியே சேமிக்கப்படுகிறது. அப்படியானால் மச்சம் இடது கன்னத்தில். சரிபார்க்கலாம் என்று திருமண ஆல்பத்தைப் பார்த்தால் மச்சமே இல்லை. முகத்தை மெருகேற்றிய ஸ்டுடியோக்காரர் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தார். ஆதார் படத்தில் முகமே நிழலாக இருந்தது, வாசல் படத்தில் முகம் மிகச் சிறியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மச்சம் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சித்தியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவரும் சற்று நேரம் யோசித்துவிட்டு வலது என்றார், பிறகு இடது என்றார். முந்தானையை நம்பி இடது என்று முடிவு செய்தோம்.

ஆண்களின் படமாக இருந்தால் சட்டைப் பையைப் பார்க்கலாம். அது அணிந்தவரின் இடது மார்பில் இருக்கும். ஆகவே திரும்பாத படத்தில் பார்ப்பவரின் வலப்பக்கம் தெரியும். பின்னணியில் கடைப் பலகையோ நாட்காட்டியோ இருந்து எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். படம் திரும்பியிருப்பது உறுதியானால், எழுத்தைத் திருத்துவதோடு நிற்காமல், அச்சிடும் முன் படத்தையும் நேராகத் திருப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் படம் ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும். அதோடு வெறுமனே இடது, வலது என்று எழுதாமல் அவருடைய இடது கன்னம் என்று எழுத வேண்டும், ஏனென்றால் படிப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் கைப்பக்கத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

நிறத்துக்கு வருவோம். திருமணப் படத்தில் அம்மா வெளுப்பாக இருக்கிறார், செல்ஃபியில் மாநிறம், ஆதார் படத்தில் கரி போல. நிறத்தைப் படத்திலிருந்து எடுக்கவே முடியாது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நேரில் பார்த்த நினைவிலிருந்துதான் எழுத வேண்டும், அதுவும் உள்ளதை உள்ளபடி. அம்மா நல்ல கறுப்பு. அதை நோட்டீசில் எழுதப் போகிறேன் என்றதும் சித்தி அழுதுவிட்டார். “ஊரெல்லாம் ஒட்டற காகிதத்துல எங்க அக்காவைக் கறுப்புன்னு போடுவியா?” என்றார். முதல் நோட்டீசில் மாநிறம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் இந்தக் கூச்சம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் மாநிறம் என்ற சொல் நிறத்தைச் சொல்வதற்குப் பதிலாக மரியாதையைச் சொல்கிறது. ஆனால் கறுப்பான ஒரு பெண்ணைப் பார்க்கும் அந்நியர், மாநிறம் என்று படித்திருந்தால் அப்படியே கடந்து போய்விடுவார். எடுப்பான பல், மாறுகண், வழுக்கை என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் எல்லாமே இப்படித்தான் விடுபடுகின்றன. ஓர் அந்நியர் முதலில் கவனிப்பது அவற்றைத்தான்.

வீட்டாருக்குக் கண்ணில் படாதது வேறு உண்டு. தலைமைக் காவலர் சொன்னபடி, திருமணப் படத்தைத் தேநீர்க் கடையில் அம்மாவை ஒருபோதும் பார்த்திராத இரண்டு பேரிடம் பத்து விநாடி காட்டி, படத்தை மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன். இருவருமே முதலில் சொன்னது காது. விசிறி போல இரு பக்கமும் விரிந்த காதுகள். ஒருவர், முன் பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது என்றார். இரண்டையும் நான் என் வாழ்நாளில் அடையாளமாக எண்ணிப் பார்த்ததில்லை. அது அம்மாவின் முகம், அவ்வளவுதான். செல்ஃபியில் காது ஏன் எடுபடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கைநீளத் தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெரிதாகவும், பின்னாலுள்ள காதுகள் சிறிதாகி ஒதுங்கியும் தெரியும். முகமே வட்டமாக உப்பிவிடும். வட்ட முகம் என்று நான் எழுதியது அந்தக் கேமராவின் முகத்தை. சில அடி தள்ளி நின்று எடுத்த திருமணப் படத்திலும் ஆதார் படத்திலும் முகம் நீள்வட்டம், காதுகள் விரிந்தவை. ஸ்டுடியோக்காரர் நிறத்தையும் மச்சத்தையும் மாற்றினாரே தவிர காதைத் தொடவில்லை. ஒரு படம் எதில் நம்பத்தக்கது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்கவும் இதனால் பழகினேன்.

உயரத்தில் நான் செய்த தவறு சிறியதல்ல. 5 அடி 2 அங்குலம் என்று சொன்னது வெறும் ஊகம். வாசல் படத்தில் அம்மா நிலைக்கதவை ஒட்டி நிற்கிறார். தலை, கதவின் உள் தாழ்ப்பாளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வீட்டுக்குப் போய் அந்தத் தாழ்ப்பாள் வரை நாடாவால் அளந்தேன். கழித்துப் பார்த்தால் 4 அடி 10 அங்குலம். நான்கு அங்குலம் என்பது, குள்ளமான ஒரு பெண்ணை நடுத்தர உயரமுள்ளவராக மாற்றிவிடும் வித்தியாசம். இந்த வழியில் அளக்கும்போது அவர் கதவை ஒட்டி நிற்கிறாரா என்று பாதங்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டடி முன்னால், கேமராவுக்கு அருகில் நின்றிருந்தால் உண்மையைவிட உயரமாகத் தெரிவார். அதே படத்தில் அம்மாவின் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்டேன். ஆல்பத்தில் அவர் நிற்கும் எல்லாப் படங்களையும் திருப்பிப் பார்த்தால், எல்லாவற்றிலும் அப்படியே. இப்படிக் கண்டதும் அவர் நடப்பது நினைவுக்கு வந்தது. இடுப்பு வலியால் வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இடப்பக்கம் சாய்ந்து, அடியடியாக நடப்பார். எந்தப் படத்திலும் இல்லாத, ஆனால் நூறடி தூரத்திலேயே தெரியக்கூடிய அந்த அடையாளத்தை, படத்தில் தாழ்ந்திருந்த ஒரு தோள்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தது.

பச்சை குத்தியிருப்பதைத்தான் எழுதாமல் வைத்துக்கொள்ள வேண்டிய அடையாளமாகத் தேர்ந்தெடுத்தேன். இடது முன்கையின் உட்பக்கம், சிறு வயதில் குத்திய கோலம் ஒன்று அம்மாவுக்கு உண்டு. புடவைத் தலைப்பு மறைத்துவிடுவதால் நோட்டீசில் போட்ட படத்தில் அது தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும். இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, குத்திய காலத்தில் அது எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டு இன்று எப்படித் தெரிகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கோலத்தின் கோடுகள் கலங்கிப் பச்சையும் நீலமுமான ஒரு திட்டாகிவிட்டன. பார்த்தவர் கோலம் என்று சொல்லமாட்டார். கறை என்றோ திட்டு என்றோதான் சொல்வார்.

கடைசியில் அடித்த நோட்டீசின் வாசகம் இது: “காணவில்லை. 68 வயது மூதாட்டி. குள்ளமானவர், 4 அடி 10 அங்குலம். வலது கையை இடுப்பில் ஊன்றி, இடப்பக்கம் சாய்ந்து மெதுவாக நடப்பார். நல்ல கறுப்பு, ஒல்லி. நரைத்த முடியைச் சிறிய கொண்டையாகப் போட்டிருப்பார். காதுகள் இரண்டும் விரிந்து வெளியே தெரியும். அவருடைய இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகு அளவு மச்சம். சிரித்தால் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். மூக்கின் இருபுறமும் துளை உண்டு, மூக்குத்தி இல்லை. ஞாபக மறதி உள்ளவர்; தெலுங்கு கலந்து பேசுவார். வீட்டைவிட்டுச் சென்றபோது பச்சைப் புடவை, இப்போது மாறியிருக்கலாம்.” கீழே காணாமல் போன தேதி, என் எண், காவல் நிலைய எண். மனநிலை சரியில்லாதவர் என்று எழுதச் சிலர் சொன்னார்கள். அதைப் படிப்பவர் பயந்து ஒதுங்குவார் என்பதால் மறுத்துவிட்டேன். மூக்குத்தி இல்லை என்பதைவிடத் துளை உண்டு என்பது முக்கியம், ஏனென்றால் நகை கழன்றாலும் துளை இருக்கும்.

படமாகத் திருமணப் படத்தின் முகத்தையும் வாசல் படத்தின் முழு உருவத்தையும் பக்கம் பக்கமாகப் போட்டோம். முகப்படத்தின் வெளுப்பை, தட்டச்சு செய்யும் பெண் செல்ஃபியின் அளவுக்குக் குறைத்துக் கொடுத்தார். மச்சம் இல்லாத முகத்தில் மச்சத்தை வரைந்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம், இடம் தவறிவிட்டால் அதுவே குழப்பும் என்று சொல்லிவிட்டு, நேராகத் திருப்பிய செல்ஃபியின் கன்னப் பகுதியை மட்டும் மூலையில் ஒரு சிறு கட்டத்தில் போட்டார். முதல் நோட்டீசின் கறுப்பு வெள்ளை அச்சில் கறுத்த முகமும் இருண்ட பின்னணியும் ஒன்றாகிப் போயிருந்ததால், இம்முறை எண்ணிக்கையைக் குறைத்து, ஏ4 அளவில் 300 வண்ணப் பிரதிகள் 3,000 ரூபாய்க்கு எடுத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு எழுத்து முழுவதையும் படத்துக்குள்ளேயே வைத்தோம். முதல் முறை படத்தைத் தனியாகவும் விவரத்தைக் கீழேயும் போட்டு அனுப்பியிருந்தேன். இரண்டு மூன்று கை மாறியதும் விவரம் கழன்று விழுந்து, யார் எவர் என்று தெரியாமல் அம்மாவின் முகம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நாளிதழ் ஒன்றில் 3,200 ரூபாய்க்குப் பழைய வாசகத்தோடு கொடுத்த விளம்பரம் அன்று காலைதான் வெளியானது. அதை நிறுத்த முடியவில்லை.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தருமபுரி, மொரப்பூர், அரூர் என்று பேருந்து நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நானே ஒட்டினேன். அம்மா கையில் பணம் இல்லாமல் போனார், ஆனால் மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துகளில் ஏறி இறங்கி எவ்வளவு தூரமும் போயிருக்க முடியும். ஏழாம் நாள் ஒருவர் பெங்களூரிலிருந்து அழைத்து, அம்மாவைத் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். நோட்டீசில் எழுதாத அடையாளம் எதையாவது உடம்பில் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தால் நானே விடையை எடுத்துக் கொடுத்தது போலாகியிருக்கும். அவர் காதையும் மச்சத்தையும் சொன்னார், பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை, தீர்த்தமலை அடிவாரத்தில் பூ விற்கும் ஒரு அக்கா அழைத்தார். இரண்டு நாட்களாகக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி படிக்கட்டுப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்ததாகவும், அரூரில் பேருந்து ஏறும்போது நோட்டீசைப் படித்ததும் அந்த நடை நினைவுக்கு வந்ததாகவும், திரும்பிப் போய்க் கன்னத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டதாகவும் சொன்னார். புடவை என்ன நிறம் என்று கேட்டேன். யாரோ கொடுத்த நீலப் புடவை என்றார். எழுதாத அடையாளம் எதுவும் உண்டா என்றேன். சிறிது நேரம் கழித்து, “எடது கையில உள்பக்கம் பச்சையா ஒரு கறை மாதிரி இருக்குது தம்பி, சோப்பு போட்டுத் தேச்சும் போகல” என்றார். பூக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார் அம்மா. சிறு வயதில் அவருடைய ஊரிலிருந்து மலைக்கு நடந்து வருவார்களாம். எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அழுக்கும் பசியும் தவிர உடம்பில் குறையில்லை.

திரும்பும் வழியில் அரூரில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மாறி, நான்காம் நாளே இவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார். என் முதல் நோட்டீஸ் அப்போது அவர் கடைச் சுவரிலேயே இருந்திருக்கிறது. அருகில் போய்ப் பார்த்திருக்கிறார். மச்சம் வலது கன்னத்தில் என்று எழுதியிருந்ததாலும், இவருக்கு இடப்பக்கம் இருந்ததாலும், வேறு யாரோ என்று விட்டுவிட்டாராம். நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மொத்தச் செலவு 18,700 ரூபாய், சங்கிலி தனி, ஒன்பது நாள் சம்பளம் தனி. எந்தக் கணக்கிலும் சேராதது அந்த ஐந்து நாட்கள்.

அம்மா கிடைத்துவிட்டார் என்று அதே படத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டு எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். இருந்தாலும் பழைய படம் இன்னும் சுற்றுகிறது. காணாமல் போன தேதியை அதில் போடாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். மூன்று மாதங்கள் கழித்து ஊத்தங்கரையிலிருந்து ஒரு இளைஞர் அழைத்து, உங்கள் அம்மா இங்கே கடைத் திண்ணையில் இருக்கிறார் என்றார். என் அம்மா என் பக்கத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நன்றி சொல்லி வைக்கப் போனவன் வைக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது, கிட்டப் போனால் என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். 60 வயதுக்கு மேலிருக்கும், உயரமான ஒடிசலான உடம்பு, கால்களை அகட்டி நடக்கிறார், முடி கழுத்தளவு வெட்டப்பட்டிருக்கிறது, அவருடைய வலது புருவத்தின் நடுவே முடி முளைக்காத பழைய தழும்பு, மூக்கின் வலப்பக்கம் மட்டும் துளை. இவற்றை அந்த ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்படி இளைஞரிடம் சொன்னேன். கையில் இருந்த இன்னொரு அடையாளத்தை மட்டும் எந்தக் குழுவிலும் போட வேண்டாம், நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்றேன்.